காற்று திசை மாறுவது எப்படி, மழை சமமாகப் பெய்யாதது ஏன்? பருவமழை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடையில் நிலம் சூடாகிறது, அதனால் கடல் காற்று உள்ளே வருகிறது. பள்ளியில் படித்த இந்த விளக்கம் போதாதா?

பாதி போதும். 1686-ல் எட்மண்ட் ஹாலி சொன்ன விளக்கம் இது. நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். சூடான நிலத்தின் மேல் காற்றழுத்தம் குறைகிறது, அந்தப் பக்கமாகக் கடல் காற்று வருகிறது. மாலை நேரக் கடற்காற்றைப் பெரிய அளவில் நினைத்துக்கொண்டால் அதுதான் பருவக்காற்று என்பது ஹாலியின் கருத்து.

இதில் இரண்டு இடங்களில் கணக்கு உதைக்கிறது. இந்தியாவின் பெரும்பகுதியில் வெயில் உச்சத்தைத் தொடுவது மே மாதத்தில். மழை தொடங்கியதும் தரை சட்டென்று குளிர்ந்துவிடுகிறது. தரைச் சூடு மட்டுமே காற்றை இழுக்கிறதென்றால் ஜூன் கடைசியில் காற்று தளர வேண்டும். உண்மையில் அரபிக் கடலில் காற்று மிக வலுவாக வீசுவது ஜூலையில், அதாவது தரை குளிர்ந்த பிறகு. இரண்டாவது, மழை பொய்த்த ஆண்டுகளில் மேகம் இல்லாததால் நிலம் வழக்கத்தைவிட அதிகமாகக் காய்கிறது. நிலம் எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு மழை என்றால் வறட்சி ஆண்டில்தான் மழை கொட்ட வேண்டும்.

அப்படியென்றால் காற்றைத் திருப்புவது எது?

பூமியின் இடுப்பைச் சுற்றி ஒரு மேகப்பட்டை உண்டு. வட அரைக்கோளத்துக் காற்றும் தென் அரைக்கோளத்துக் காற்றும் ஒன்றையொன்று சந்தித்து மேலே எழும் இடம் அது. வெப்பமண்டலக் குவிமண்டலம் என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். சூரியன் வடக்கே நகர்ந்தால் இந்தப் பட்டையும் வடக்கே வரும், சூரியன் தெற்கே போனால் தெற்கே போகும். பசிபிக், அட்லாண்டிக் கடல்களில் இந்த நகர்வு சிறியது. இந்தியப் பெருங்கடல் பகுதியில் மட்டும் இது மிகப் பெரியது. ஜனவரியில் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் பட்டை, ஜூலையில் கங்கைச் சமவெளிக்கே வந்துவிடுகிறது. ராஜஸ்தானிலிருந்து வங்கக் கடலின் தலைப்பகுதி வரை நீளும் அந்தத் தாழ்வழுத்தக் கோட்டைப் பருவமழை அகடு என்பார்கள்.

இவ்வளவு தூரம் வடக்கே வரக் காரணம், வடக்கே பெரும் நிலப்பரப்பு இருப்பது. அந்த இடத்தில் ஹாலி சொன்னது சரியே. பட்டை வடக்கே வந்தால், அதை நோக்கி ஓடும் தென் அரைக்கோளக் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டித்தானே ஆக வேண்டும்? தெற்கு இந்தியப் பெருங்கடலில் மஸ்கரீன் தீவுகளை ஒட்டி ஓர் உயர் அழுத்தப் பகுதி இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் காற்று வடமேற்காக வந்து கிழக்கு ஆப்பிரிக்க மலைகளில் மோதுகிறது. மேற்கே போக வழியில்லாததால் அந்தச் சுவரை ஒட்டியே வடக்கே திரும்பி, சோமாலியாக் கரையோரம் குறுகிய, வேகமான ஓட்டமாகி, அரபிக் கடலைக் கடந்து நம் மேற்குக் கரைக்கு வருகிறது. தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில்தான் அதன் வேகம் மிக அதிகம்.

காற்று ஜூலையில் ஏன் இன்னும் வலுக்கிறது என்ற கேள்விக்கு விடை மேகத்துக்குள் இருக்கிறது. கடல் நீர் ஆவியாகும்போது வாங்கிக்கொண்ட வெப்பம், நீராவி மறுபடி துளியாகும்போது வெளிப்படுகிறது. ஒரு கிலோ காற்றில் ஒரு கிராம் நீராவி துளியானால் அந்தக் காற்று ஏறத்தாழ 2.5 டிகிரி சூடேறும். தரை குளிர்ந்தாலும், 5 முதல் 10 கிலோமீட்டர் உயரத்தில் இந்த வெப்பம் சேர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் கீழே அழுத்தம் குறைந்தே இருக்கிறது, காற்று தொடர்ந்து உள்ளே வருகிறது, புதிய நீராவியைக் கொண்டுவருகிறது. தொடங்கிவைப்பது சூரியன் என்றாலும், நான்கு மாதம் தொடர்ந்து நடத்துவது மழையேதான்.

தெற்கே தென்கிழக்குக் காற்றாகக் கிளம்பியது இங்கே வரும்போது எப்படித் தென்மேற்காகிறது?

பூமியின் சுழற்சியால். தென் அரைக்கோளத்தில் ஓடும் காற்று தன் இடப்பக்கம் விலகும். நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் அதே காற்று வலப்பக்கம் விலகத் தொடங்கும். வடக்கு நோக்கி ஓடுகிறவருக்கு வலப்பக்கம் கிழக்கு. எனவே கிழக்கே சாய்ந்து ஓடுகிறது, நமக்குத் தென்மேற்கிலிருந்து வருவதாகத் தெரிகிறது.

மே மாதத்திலேயே நிலம் கொதிக்கிறதே, மழை ஏன் ஜூன் வரை காத்திருக்கிறது?

மே மாத வெப்பம் ஆழம் இல்லாதது. தரைக்கு மேல் இரண்டு மூன்று கிலோமீட்டர் வரைதான் அது எட்டுகிறது. அதற்கு மேலே, மத்திய ஆசியப் பக்கமிருந்து வறண்ட மேலைக்காற்று ஓடிக்கொண்டிருக்கும். அந்த வேகமான மேல்மட்ட ஓட்டம் குளிர்காலம் முழுதும் இமயமலைக்குத் தெற்கே இருக்கிறது. அது இருக்கும்வரை வடஇந்தியாவின் மேல் ஈரக்காற்று உயரமாக எழ முடியாது.

மே கடைசியில் இருந்து ஜூன் தொடக்கத்துக்குள் நிலைமை மாறுகிறது. சராசரியாக 4,500 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் திபெத்தியப் பீடபூமி, நடுவளிமண்டலத்தையே நேரடியாகச் சூடாக்குகிறது. மேலைக்காற்று இமயமலைக்கு வடக்கே போய்விடுகிறது. தென்னிந்தியாவின் மேல், 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகமான ஓட்டம் தோன்றுகிறது. கீழே தென்மேற்கு, மேலே கிழக்கு என்று இரண்டு எதிர்த்திசைக் காற்றும் சேர்ந்து அமைந்தால்தான் பருவமழை நிலைத்துவிட்டது என்று பொருள்.

திபெத்தின் வெப்பம்தான் முக்கியமா, இமயமலை தடுப்புச் சுவராக நிற்பதுதான் முக்கியமா என்று ஆய்வாளர்களிடையே வாதம் இருக்கிறது. 2010-ல் வெளிவந்த ஒரு கணினி மாதிரி ஆய்வில் பீடபூமியை எடுத்துவிட்டு இமயமலையை மட்டும் விட்டுவைத்தார்கள். அப்போதும் தென்னாசியப் பருவக்காற்று பெருமளவு அப்படியே இருந்தது. வடக்கின் குளிர்ந்த வறண்ட காற்றை உள்ளே விடாமல் தடுப்பதே மலையின் பெரிய பங்கு என்பதற்கு இது வலுவான சான்று என்றே எனக்குப் படுகிறது.

காற்று மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வீசுகிறது. கேரளத்திலிருந்து ராஜஸ்தான் போக ஏன் ஐந்து வாரம்?

சரியான கேள்வி. சுமார் 2,000 கிலோமீட்டரை அந்தக் காற்று இரண்டு நாளில் கடந்துவிடலாம். ஆனால் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வழக்கமான தேதிகளைப் பாருங்கள்: கேரளத்தில் ஜூன் 1, நாடு முழுவதையும் எட்ட ஜூலை 8.

நகர்வது காற்று மட்டும் அல்ல. வடமேற்கிலிருந்து நடுமட்ட உயரத்தில் வரும் வறண்ட காற்று இந்தியாவின் மேல் ஆப்பு போலப் படிந்திருக்கிறது. வடமேற்கில் அது கனமானது, தென்கிழக்கே வர வர மெலிந்தது. கீழே ஈரக்காற்று வந்துசேர்ந்தாலும், எழும்பும் மேகம் இந்த வறண்ட அடுக்கில் நுழைந்ததும் கரைந்துபோகிறது. நாள்தோறும் எழும்பும் சிறு மேகங்கள் கரைந்து கரைந்தே அந்த அடுக்கை ஈரமாக்குகின்றன. அது போதிய அளவு ஈரமானதும் அடுத்த மேகம் உயர எழுந்து மழையாகிறது. இப்படி ஒவ்வொரு பகுதியாக அடுக்கை அரித்துக்கொண்டுதான் பருவமழை முன்னேற வேண்டும். அதனால்தான் காற்று வீசும் திசைக்கே குறுக்காக, தென்கிழக்கிலிருந்து வடமேற்கு நோக்கி அது நகர்கிறது. கேரளக் கரையில் தேதி தவறாமல் வந்த பருவமழை மகாராஷ்டிரத்தில் பத்து நாள் நின்றுவிடுவதும் இதனால்தான்.

மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிறது, இந்தப் பக்கம் வெறும் காற்றுதான். நடுவில் என்ன நடக்கிறது?

ஒரு கிலோ காற்றைக் கொச்சிக் கரையில் பிடித்து, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்ட வைத்து, கோவைப் பக்கம் இறக்கிப் பார்ப்போம். எண்கள் தோராயமானவை, ஆனால் இயற்கையில் நடப்பதற்கு அருகில் இருப்பவை.

கரையில் காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு. அந்த ஒரு கிலோவில் சுமார் 19 கிராம் நீராவி இருக்கும். மலைச்சரிவில் ஏறும்போது சுற்றிலும் அழுத்தம் குறைவதால் காற்று விரிந்து குளிர்கிறது, கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி வீதம். 450 மீட்டர் உயரத்திலேயே அது நிறைவுநிலையை எட்டிவிடும். மலையில் மேகம் தொடங்கும் கோடு அங்கே இருக்கும். அதற்கு மேல் ஏறினால், நீராவி துளியாகி வெப்பம் விடுவதால், குளிர்வது மெதுவாகிறது: கிலோமீட்டருக்கு நான்கு டிகிரி. 1,500 மீட்டர் உச்சிக்கு வரும்போது வெப்பநிலை 19 டிகிரி. அந்த நிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவி 16.5 கிராம் அளவுதான். மீதி 2.5 கிராம் மழையாக இறங்கிவிட்டது என்று கொள்வோம்.

இரண்டரை கிராம் என்றால் சொற்பமாகத் தெரியும். காற்று மணிக்கு 36 கி.மீ. வேகத்தில், ஒரு கிலோமீட்டர் தடிமனான அடுக்காக, இடைவிடாமல் வருகிறது. அந்த 2.5 கிராமை 40 கி.மீ. அகலச் சரிவில் பரப்பிக் கணக்குப் போட்டால் மணிக்கு இரண்டரை மில்லிமீட்டர் வருகிறது. அது நாளுக்கு 60 மில்லிமீட்டர்! எந்தப் புயலும் இல்லாமல், காற்று மலையேறுவதாலேயே கிடைக்கும் மழை இது.

இப்போது அந்தக் காற்றை மறுபுறம் 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவைக்கு இறக்குவோம். இறங்கும்போது அமுங்கிச் சூடாகிறது, இம்முறை முழு வேகத்தில், கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி. கீழே வந்து சேரும்போது 30 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே. கவனியுங்கள், நீராவி பெரிதாகக் குறையவில்லை. 19 கிராமில் 16.5 இன்னும் அதனுள் இருக்கிறது. காற்று காய்ந்துபோனதால் மழை இல்லை என்று சொல்வது இதனால்தான் முழுச் சரியாகாது. இறங்குகிற காற்றில் மேகம் நிற்காது, அதுதான் காரணம்.

மகாராஷ்டிரத்தில் இதைப் பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே பார்க்கலாம். மகாபலேஷ்வர் சுமார் 1,350 மீட்டர் உயரத்தில், மேற்குச் சரிவின் விளிம்பில் இருக்கிறது. ஆண்டு மழை 600 செ.மீ.க்கு அருகில். அதற்குக் கிழக்கே 20 கி.மீ.க்குள் பஞ்ச்கனி, உயரமும் ஏறத்தாழ அதே அளவு, மழை அதில் மூன்றில் ஒரு பங்குதான். உயரம் மழை தருவதில்லை, காற்று ஏறுவதே மழை தருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் கிடைப்பது அரிது.

மேற்குக் கரையில் மழை மலையடிவாரத்துக்கு முன்பே, சில நேரம் கடலிலேயே, தொடங்கிவிடும். மலை தடுப்பதால் வரும் காற்று வேகம் குறைந்து நெருங்கி, கரைக்கு முன்னாலேயே மேலெழுகிறது. என் எளிய கணக்கு இந்தப் பகுதியைப் பிடிப்பதில்லை.

பாலக்காட்டில் மலை இடைவெளி இருக்கிறதே. அதன் வழியாக மழை வரக்கூடாதா?

வருகிறது, ஆனால் கொஞ்சம்தான். கணவாயில் காற்று ஏற வேண்டியதில்லை, சமமாகவே நுழைந்துவிடுகிறது. அதனால் ஈரம் வருகிறது, குளிர்ச்சி வருகிறது, வேகமும் கூடுகிறது. ஜூன், ஜூலையில் கோவை, உடுமலைப் பக்கம் சாரலோடு காற்று வீசுவதும், காற்றாலைகள் அங்கே நிறைந்திருப்பதும் இதனால்தான். தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் இதே கதைதான். ஈரக்காற்று வருவது வேறு, மழை பெய்வது வேறு.

தார்ப் பாலைவனத்தை மறைக்க மலை இல்லை. கடலும் பக்கம்தான். அங்கே ஏன் மழை இல்லை?

ஆரவல்லி மலை காற்றுக்குக் குறுக்கே நிற்காமல் இணையாகப் போகிறது, அதனால் மழை இல்லை என்று பாடநூலில் படித்திருப்போம். அது சிறிய காரணம். பெரிய காரணம் தலைக்கு மேலே இருக்கிறது. கிழக்கே வங்கக் கடலிலும் கங்கைச் சமவெளியிலும் பெருமளவு எழும் காற்று எங்கேயாவது இறங்கித்தான் ஆக வேண்டும். அது இறங்கும் இடங்களில் ஒன்று வடமேற்கு இந்தியாவும் அதற்கு அப்பாலுள்ள பாலைநிலங்களும். ஜெய்சல்மேரில் கீழ்மட்டத்தில் அரபிக் கடலின் ஈரக்காற்று வீசினாலும், அதற்கு மேலே இறங்கிச் சூடான வறண்ட காற்று மூடிபோல் கிடக்கிறது. மேகம் அதை முட்டித் தள்ள முடிவதில்லை. ஆண்டு மழை 20 செ.மீ.க்கும் குறைவு. ஒரு விதத்தில், கிழக்கே கொட்டும் மழையே மேற்கே பாலையை வைத்திருக்கிறது.

மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் பக்கம் பெரிய மலையில்லை. ஆனாலும் நல்ல மழை பெய்கிறதே?

அங்கே காற்றைத் தூக்கும் வேலையைச் செய்வது காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிகளும் மண்டலங்களும். வங்கக் கடலின் வடபகுதியில் உருவாகி, ஒடிசாக் கரையைக் கடந்து, பருவமழை அகட்டை ஒட்டியே மேற்கு–வடமேற்காக நகரும். மழை அவற்றின் மையத்தில் இல்லாமல் தென்மேற்குப் பக்கத்தில்தான் கனமாகப் பெய்யும். எனவே தாழ்வு மண்டலம் நூறு கிலோமீட்டர் வடக்கே தள்ளிப் போனால் ஒரு மாவட்டத்தின் விதைப்பே தப்பிவிடலாம். இப்படி ஒரு பருவத்தில் எத்தனை உருவாகின்றன, எந்தப் பாதையில் போகின்றன என்பதில்தான் அப்பகுதியின் ஆண்டுக் கணக்கு தொங்குகிறது.

ஜூலை நடுவில் சில நாள் மழையே நின்றுவிடுகிறதே, அது என்ன?

பருவமழை இடைவெளி. அகடு தன் இடத்தை விட்டு வடக்கே இமயமலை அடிவாரத்துக்கு ஏறிவிடுகிறது. அப்போது நடு இந்தியா காய்கிறது. உத்தராகண்ட், வடகிழக்கு மாநிலங்கள், நேபாளம், பீகாரின் வடக்கு ஆகிய இடங்களில் வெள்ளம் வருகிறது. தமிழ்நாட்டில் அந்த நாட்களில்தான் மாலை இடிமழை நன்றாகக் கிடைக்கும். செய்தியில் வடக்கே பருவமழை தளர்ந்தது என்று வந்தால், இங்கே குடை தேவைப்படலாம்.

ஒரு வாரத்தில் முடிந்தால் பயிர் தாங்கும். 2002 ஜூலையில் இது நீண்டு, அந்த மாத மழை நாடு முழுதும் வழக்கத்தில் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. நாற்று நடும் மாதம் அது. பின்னால் ஆகஸ்டில் பெய்ததால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியவில்லை.

அக்டோபரில் காற்று எப்படித் திரும்புகிறது? தமிழ்நாட்டுக்கு ஏன் அப்போது மழை?

சூரியன் தெற்கே போகிறது, ஆசிய நிலம் குளிர்கிறது, வடக்கே அழுத்தம் கூடுகிறது. மேகப்பட்டை பின்வாங்கத் தொடங்குகிறது. செப்டம்பர் 17 வாக்கில் மேற்கு ராஜஸ்தானில் தொடங்கும் விலகல், அக்டோபர் நடுவில் முடிகிறது. பட்டை தென் வங்கக் கடலுக்கு வந்ததும், அதன் வடக்கே வடகிழக்குக் காற்று நிலைக்கிறது. நிலத்திலிருந்து வறண்டு கிளம்பும் அந்தக் காற்று வங்கக் கடலின் மேல் ஈரத்தை வாரிக்கொண்டு சோழமண்டலக் கரைக்கு வருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ 44 செ.மீ., அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கிடைக்கிறது.

இங்கேயும் காற்றின் திசை மட்டும் மழை தருவதில்லை. ஜனவரியிலும் சென்னையில் வடகிழக்குக் காற்றுதான், கடலும் அதே கடல்தான். ஆனால் நவம்பரில் 35 செ.மீ.க்கு மேல் பெய்யும் ஊரில் ஜனவரியில் இரண்டு மூன்று செ.மீ. மட்டுமே. பட்டை நிலநடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட்டது. தாழ்வுப் பகுதிகளும் கீழைக்காற்று அலைகளும் இந்தப் பக்கம் வருவதில்லை. காற்றைத் தூக்கிவிட ஆள் இல்லை. மேற்குக் கரைபோல நீண்ட உயர்ந்த மலைச்சுவர் நம் கிழக்குக் கரையில் இல்லாததால், வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று நல்ல தாழ்வு மண்டலங்களையே நம்பியிருக்கிறது. அதனால்தான் ஓர் ஆண்டு வெள்ளமும் மறு ஆண்டு வறட்சியும் வருகின்றன.

ஒரே நகரத்துக்குள் கூட மழை இவ்வளவு வேறுபடுமா?

2005 ஜூலை 26-ல் மும்பை சாந்தாகுரூஸ் நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. பதிவானது. அதே நகரின் தென்முனையில் உள்ள கொலாபாவில் 73 மி.மீ. இரண்டுக்கும் இடையில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. பருவக்காற்று இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். ஒரு மேகக்கூட்டம் ஓரிடத்தில் நின்று மீண்டும் மீண்டும் வளர்ந்ததுதான் வேறுபாடு. பருவத்தின் போக்கைப் பல நாள் முன்னரே சொல்லிவிடலாம். இந்த அளவு நுணுக்கத்தைச் சில மணி நேரத்துக்கு முன்னால் ராடாரில்தான் பார்க்க முடியும்.

எல் நினோ வந்தால் வறட்சி உறுதியா?

இல்லை. பசிபிக் கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகும் இந்த நிலையில் வறட்சிக்கான வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான். 2002, 2009 வறட்சி ஆண்டுகள் எல் நினோ ஆண்டுகளே. ஆனால் மிகக் கடுமையான எல் நினோ இருந்த 1997-ல் நாட்டு மழை வழக்கமான அளவே இருந்தது. அந்த ஆண்டு இந்தியப் பெருங்கடலின் மேற்குப்பகுதி சூடாகவும் கிழக்குப்பகுதி குளிர்ந்தும் இருந்தது அதற்கு உதவியிருக்கலாம் என்பது பரவலான கருத்து.

"இந்த ஆண்டு இயல்பு மழை" என்று அறிவித்தார்கள். எங்கள் பக்கம் ஏரி நிரம்பவில்லையே?

அந்த அறிவிப்பு முழு நாட்டின் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான சராசரி பற்றியது. நீண்டகாலச் சராசரி சுமார் 87 செ.மீ.; அதில் 96 முதல் 104 விழுக்காட்டுக்குள் இருந்தால் இயல்பு. மேகாலயாவின் மிகையும் விதர்பாவின் குறைவும் கூட்டலில் ஒன்றையொன்று மறைத்துவிடும். மாவட்ட அளவில் அளவுகோலே வேறு: வழக்கத்தைவிட 19 விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் இயல்புப் பட்டியலில்தான் வரும்.

தமிழ்நாட்டில் கடலோர மாவட்டத்துக்காரர் என்றால் அந்த அறிவிப்பு உங்கள் ஏரிக்கு உரியதே அல்ல. அக்டோபருக்கான தனி முன்கணிப்பைப் பாருங்கள். காவிரிப் பாசனம் என்றால் குடகு, வயநாடு மலைகளின் ஜூலை மழையைப் பாருங்கள். மேட்டூருக்கு வரும் நீரை முடிவு செய்வது அந்தச் சரிவுகள். மொத்த அளவோடு மழை பெய்த நாட்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். நான்கு நாளில் கொட்டிய 30 செ.மீ.யும் முப்பது நாளில் பெய்த 30 செ.மீ.யும் பட்டியலில் ஒரே எண்ணாகத்தான் இருக்கும்.